ஐந்து பேர், ஒரு கைபேசி, நாற்பது நிமிடம்: பக்கத்தின் கோளாறுகளை வாடிக்கையாளரிடமிருந்தே தெரிந்துகொள்ளும் முறை

கொங்குப் பகுதியில் மரச்செக்கு எண்ணெய் ஆட்டி விற்கும் ஒரு சிறு கடைக்கு இணையப் பக்கம் இருக்கிறது. ஆனால் ஆர்டர்களில் பெரும்பகுதி வாட்ஸ்அப்பிலும் தொலைபேசியிலும்தான் வந்துகொண்டிருந்தது. பக்கத்துக்கு வருகிறவர்கள் எண்ணெயைக் கூடையில் போடுகிறார்கள், பிறகு காணாமல் போய்விடுகிறார்கள். முகப்பில் இருக்கும் பெரிய படம் சரியில்லை, அதை மாற்றினால் போதும் என்று கடைக்காரர் உறுதியாக நம்பினார். எழுத்து சிறியதாக இருப்பதுதான் காரணம் என்று நான் நம்பினேன். ஐந்து வாடிக்கையாளர்களை உட்காரவைத்துப் பார்த்தபோது நாங்கள் இருவரும் நம்பியது தவறு என்று தெரிந்தது. அந்தச் சோதனையை எப்படி நடத்தினோம், பார்த்ததை எப்படித் திருத்தங்களாக மாற்றினோம் என்பதை, முதல்முறையாக இதைச் செய்யப்போகிறவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

ஏன் ஐந்து பேர்

முதலில் எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். 1993-இல் இத்தகைய பயன்பாட்டுச் சோதனைகளை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டாவரும் பல சோதனைகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து ஒரு கணக்கைச் சொன்னார்கள். ஒரு பக்கத்தில் இருக்கும் கோளாறு ஒன்று, சோதனைக்கு வரும் ஒருவரிடம் வெளிப்படுவதற்கான வாய்ப்பு சராசரியாக 31 சதவீதம். அப்படியானால் ஒருவரிடம் வெளிப்படாமல் தப்பும் வாய்ப்பு 69 சதவீதம். ஐந்து பேரிடமும் தொடர்ந்து தப்ப வேண்டுமானால் 0.69 ஐந்து முறை பெருக்கப்பட வேண்டும். விடை ஏறக்குறைய 0.16. அதாவது அத்தகைய கோளாறுகளில் 84 சதவீதம் ஐந்து பேருக்குள் ஒரு முறையாவது கண்ணில் பட்டுவிடும்.

இந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். பத்துப் பேரில் ஒருவருக்கு மட்டும் வரும் கோளாறு என்றால், ஐந்து பேரிடம் அது வெளிப்படும் வாய்ப்பு 41 சதவீதம்தான். பெரிய வணிகத் தளங்களைச் சோதித்த சிலர் ஐந்து பேர் போதவே போதாது என்று வாதிட்டதும் இதனால்தான். பொருள்கள் ஆயிரக்கணக்கில் இருந்து, ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழியில் போகும் தளத்தில், ஒரே கோளாறை இருவர் சந்திப்பதே அரிது. எனவே ஐந்து பேர் போதும் என்பது ஒரு பக்கத்தை, ஒரு வழியை, ஒரே விதமான வாடிக்கையாளரை வைத்துச் சோதிக்கும்போது மட்டுமே பொருந்தும். எங்கள் சோதனையில் அந்த வழி, எண்ணெயைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கிப் பணம் கட்டி முடிப்பதுவரை. மொத்தமாக டின் கணக்கில் வாங்கும் கடைக்காரர்களை நாங்கள் சேர்க்கவில்லை. அவர்களுக்கு வேண்டுமானால் தனியாக இன்னோர் ஐந்து பேர்.

யாரை அழைப்பது

உறவினர்கள் வேண்டாம். கணினித் துறையில் இருப்பவர்களும் வேண்டாம். அவர்கள் பக்கத்தைப் பயன்படுத்துவதை விட்டுவிட்டுப் பக்கத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். கடையின் ஆர்டர் நோட்டை எடுத்து, கடந்த ஆறு மாதத்தில் வாங்கியவர்களில் இரண்டு வகையினரைக் குறித்துக்கொண்டோம்: வாட்ஸ்அப்பில் மட்டும் கேட்பவர்கள், பக்கத்தில் ஒரே ஒரு முறை வாங்கிவிட்டுத் திரும்ப வராதவர்கள். ஏழு பேரிடம் பேசி நாள் குறித்தோம். இருவர் கடைசி நேரத்தில் வர முடியவில்லை. அது எப்போதும் நடப்பதுதான் என்பதால்தான் ஏழு.

மிஞ்சிய ஐவர்: ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர், இல்லத்தரசி ஒருவர், தையல் கடை வைத்திருப்பவர் ஒருவர். இந்த மூவரும் வாட்ஸ்அப் வாடிக்கையாளர்கள். பனியன் நிறுவனத்தில் கணக்கு எழுதுபவர் ஒருவரும் கைக்குழந்தையுள்ள இளம் தாய் ஒருவரும் பக்கத்தில் ஒரு முறை வாங்கியவர்கள்.

அழைக்கும்போது சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். "எங்கள் பக்கத்தில் ஆர்டர் செய்வது எளிதாக இருக்கிறதா என்று பார்க்க விரும்புகிறோம். உங்கள் வீட்டுக்கே வருகிறோம், நாற்பது நிமிடம் ஆகும், உங்கள் கைபேசியிலேயே செய்யலாம்." எந்தப் பகுதியைப் பார்க்கப்போகிறோம் என்று சொல்லக் கூடாது. சொன்னால் முதல்நாளே ஒரு முறை செய்து பழகி வைத்திருப்பார்கள். நல்ல மனத்தோடுதான் அதைச் செய்வார்கள், ஆனால் நமக்குச் சோதனை போய்விடும்.

கைபேசி அவர்களுடையதாகவே இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. அவர்களுடைய விசைப்பலகை, அவர்கள் பெரிதாக்கி வைத்திருக்கும் எழுத்து, கீறல் விழுந்த திரை, வீட்டின் பின்கட்டில் குறையும் சிக்னல், எல்லாமே சோதனையின் பகுதி. நம் கைபேசியைக் கொடுத்தால் அவர்கள் பாதி நேரம் அந்தக் கைபேசியோடுதான் மல்லுக்கட்டுவார்கள்.

வேலையை எழுதுவது

சோதனையின் தரம் பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது. என் முதல் வரைவு இப்படி இருந்தது: "நல்லெண்ணெய் பக்கத்துக்குப் போய், ஒரு லிட்டரைக் கூடையில் சேர்த்து, ஆர்டரை உறுதி செய்யுங்கள்." இது வேலை அன்று, வழிகாட்டுதல். திரையில் இருக்கும் சொற்களையே நான் சொல்லிவிட்டதால் அவர்கள் அந்தச் சொற்களைத் தேடி அழுத்துவார்கள், எல்லாம் சரியாக நடந்ததுபோல் தோன்றும். திரையில் உள்ள எந்தச் சொல்லும் வராமல், வாழ்க்கையில் நடக்கும் ஒரு சூழ்நிலையாக எழுத வேண்டும். மாற்றி எழுதியவை இவை:

முதல் வேலை: "சமையலுக்கு நல்லெண்ணெய் தீர்ந்துவிட்டது. இதோ ஆயிரம் ரூபாய். இதற்குள் உங்கள் வீட்டுக்கு வேண்டியதை வரவழையுங்கள்."

இரண்டாவது: "வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டுக்கும் இந்த எண்ணெய் போய்ச்சேர வேண்டும். பணம் கட்டும் இடம் வந்ததும் நிறுத்திவிடலாம்."

மூன்றாவது: "ஆர்டர் செய்து ஒரு வாரமாகியும் எண்ணெய் வரவில்லை. என்ன செய்வீர்கள்?"

ஆயிரம் ரூபாயை உண்மையாகவே ரொக்கமாகக் கையில் கொடுத்தோம். அவர்கள் தங்கள் கைபேசியிலிருந்து யுபிஐ வழியாகப் பணம் கட்டுவார்கள், எண்ணெய் நிஜமாகவே வீட்டுக்கு வரும், மீதி அவர்களுக்கு. நேரம் ஒதுக்கியதற்கான நன்றியும் அதிலேயே அடங்கிவிட்டது. பொய்யான ஆர்டரில் யாரும் விலையைக் கூர்ந்து பார்ப்பதில்லை, பணம் போனதா என்று பதறுவதும் இல்லை. அந்தப் பதற்றம்தான் பின்னால் எங்களுக்கு மிக முக்கியமான ஒன்றைக் காட்டிக்கொடுத்தது.

வேலைகளை எழுதி முடித்ததும் கடையில் வேலை செய்யும் ஒருவரின் அண்டை வீட்டுக்காரரை வைத்து ஓர் ஒத்திகை பார்த்தோம். இரண்டாவது வேலையில் "பெங்களூரு" என்று முதலில் எழுதியிருந்தோம். அவருக்கு அங்கே யாரும் இல்லாததால் முகவரி என்ன போடுவது என்றே பத்து நிமிடம் போயிற்று. ஊரை எடுத்துவிட்டோம். ஒத்திகை இல்லாமல் போயிருந்தால் முதல் வாடிக்கையாளரின் நேரம் அதில் வீணாகியிருக்கும்.

உட்கார்ந்திருக்கும்போது

இருவர் போனால் போதும். ஒருவர் பேசுவதற்கு, ஒருவர் எழுதுவதற்கு. எழுதுபவர் பின்னால் சற்றுத் தள்ளி, திரை தெரியும்படி உட்கார வேண்டும். திரையைப் பதிவுசெய்ய அனுமதி கேட்டோம். எதற்காக, யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்போம் என்பதையும் சொன்னோம். யுபிஐ செயலி திறப்பதற்கு முன் பதிவை நிறுத்திவிட்டோம், எழுதுபவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரகசிய எண் தட்டும் இடத்தில் நமக்கு வேலை இல்லை.

தொடக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தை மெதுவாகச் சொல்ல வேண்டும்: "நாங்கள் உங்களைச் சோதிக்க வரவில்லை, பக்கத்தைத்தான் சோதிக்கிறோம். எங்காவது சிக்கினால் அது நாங்கள் செய்த பிழை. மனத்தில் என்ன ஓடுகிறதோ அதை அப்படியே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்." வாய்விட்டுச் சொல்வது யாருக்கும் உடனே வராது. அதனால் முதலில் வாட்ஸ்அப்பைத் திறந்து, கடைசியாக வந்த படத்தை இன்னொருவருக்கு அனுப்பச் சொல்லி, அதைச் செய்யும்போதே பேசச் சொன்னோம். தெரிந்த வேலை என்பதால் கூச்சம் போய்விடும்.

அதற்குப் பிறகு கடினமான பகுதி, வாயை மூடிக்கொண்டிருப்பது. நம் வீடுகளில் இது இரண்டு மடங்கு கடினம். வந்தவர்களுக்குக் காபி கொடுத்துவிட்டு, அவர்கள் செய்த பக்கத்தைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? "நன்றாகத்தான் இருக்கிறது தம்பி" என்பார்கள். ஆசிரியை அந்த வார்த்தையைச் சொன்ன அதே நொடியில் அவர் விரல் திரும்பிச் செல்லும் பொத்தானை மூன்றாவது முறையாக அழுத்திக்கொண்டிருந்தது. நோட்டில் எழுத வேண்டியது விரல் செய்ததை.

"இதை அழுத்தலாமா?" என்று கேட்பார்கள். பதில் சொல்லக் கூடாது, மௌனமாக இருந்தால் மரியாதைக் குறைவாகவும் இருக்கும். நான் சொல்வது இது: "நான் இங்கே இல்லையென்று வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் தனியாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" அவர்கள் திகைத்து நிற்கும்போது மனத்துக்குள் பத்துவரை எண்ணுவேன். பெரும்பாலும் ஏழு எட்டு எண்ணும்போது அவர்களே ஏதோ ஒன்றைச் செய்வார்கள். அந்தச் செயல்தான் நாம் வந்த காரியம். இரண்டு நிமிடத்துக்கு மேல் நகர்வே இல்லை என்றால் உதவலாம். ஆனால் உதவிய இடத்தை நோட்டில் வட்டமிட்டுவிட வேண்டும். அதன் பொருள், அந்த இடத்தில் வாடிக்கையாளர் தனியாக இருந்திருந்தால் ஆர்டர் நம் கைவிட்டுப் போயிருக்கும் என்பது.

இன்னொரு சிக்கல் வீட்டிலிருக்கும் பிள்ளைகள். இல்லத்தரசி பின்கோடு போடத் தடுமாறியபோது கல்லூரியில் படிக்கும் மகன் "கொடும்மா" என்று கைபேசியை வாங்கிப் போட்டுவிட்டான். அவனைத் தடுக்க வேண்டாம். அம்மா எந்த இடத்தில் கைபேசியைக் கொடுத்தார் என்பதே ஒரு கண்டறிதல். அதைக் குறித்துக்கொண்டு, அடுத்த வேலையை அம்மாவே செய்யட்டும் என்று அன்பாகக் கேட்டுக்கொண்டோம்.

நோட்டில் என்ன எழுதுவது

எழுதுபவருக்கு ஒரே விதி கொடுத்திருந்தோம்: கேமரா பார்க்கக்கூடியதை, மைக் கேட்கக்கூடியதை மட்டும் எழுது. "குழம்பினார்" என்று எழுதினால் நாளைக்கு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "கூடைப் பக்கத்தில் மேலும் கீழும் இரண்டு முறை நகர்த்தினார், பின்னால் போனார், 'அனுப்புகிற காசு எவ்வளவுன்னு போடலையே' என்றார்" என்று எழுதினால் அதிலிருந்து திருத்தம் தானாகவே பிறக்கும். பேச்சை அவர்கள் பேசிய மொழியிலேயே எழுத வேண்டும், நம் நடைக்கு மாற்றக் கூடாது.

ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வெளியே வந்தவுடன், வண்டியை எடுப்பதற்கு முன், பத்து நிமிடம் நின்று இருவரும் பேசி, முக்கியமான மூன்றைக் குறித்துக்கொண்டோம். மாலைவரை தள்ளிப்போட்டால் இரண்டாம் வீட்டில் நடந்தது மூன்றாம் வீட்டோடு கலந்துவிடும்.

பார்த்ததை வரிசைப்படுத்துவது

ஐந்தும் முடிந்த மறுநாள் கடைக்காரரோடு உட்கார்ந்து ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டோம். இடப்பக்கம் நடந்தவை, மேலே ஐந்து பேர். யாருக்கு நடந்ததோ அந்தக் கட்டத்தில் ஒரு குறி. கையில் முப்பதுக்கும் மேல் குறிப்புகள் இருந்தன. ஒன்றாகச் சேர்க்கக்கூடியவற்றைச் சேர்த்த பிறகு பேச வேண்டியவை ஐந்தாகக் குறைந்தன.

கூடைப் பக்கம் வரை வந்து, டெலிவரி கட்டணம் தெரியாமல் பொருள் பக்கத்துக்குத் திரும்பியவர்கள் நால்வர். லிட்டரா கிலோவா என்று நின்றவர்கள் மூவர். பின்கோடு பெட்டியில் மாட்டியவர்கள் இருவர். பணம் கட்டிவிட்டுத் திரும்பி வந்தபோது கூடை நிறைந்தபடியே இருப்பதைக் கண்டு மறுபடியும் பணம் கட்டப்போனவர் ஒருவர். எண்ணெய் வரவில்லை என்றால் ஆர்டரைத் தேடும் பக்கத்துக்குப் போகாமல் நேராக வாட்ஸ்அப்பைத் திறந்தவர்கள் ஐவரும்.

முகப்புப் படத்தை ஐவரும் ஒரே தள்ளலில் கடந்து போனார்கள். எழுத்தின் அளவைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆசிரியை தன் கைபேசியில் எழுத்தை ஏற்கெனவே பெரிதாக்கி வைத்திருந்தார்.

இப்போது எதை முதலில் திருத்துவது? குறிகளை எண்ணி அதிகமுள்ளதை மேலே வைக்கலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் வாட்ஸ்அப் விஷயம் முதலிடத்துக்கும், இரட்டைப் பணம் கடைசிக்கும் போய்விடும். இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்க வேண்டும்: எத்தனை பேருக்கு நடந்தது, நடந்தால் என்ன இழப்பு. ஐந்து பேரில் ஒருவர் இரண்டு முறை பணம் கட்டப்போனார் என்றால் அது அன்றைக்கே கை வைக்க வேண்டிய விஷயம். ஐவரும் வாட்ஸ்அப்புக்குப் போனது, பார்க்கப்போனால், கோளாறே இல்லை. கடை வாட்ஸ்அப்பில் விரைவாகப் பதில் சொல்கிறது, வாடிக்கையாளர்களுக்கு அது பழகிய வழி. ஆர்டரைத் தேடும் பக்கத்தை அழகுபடுத்துவதை விட்டுவிட்டு, ஆர்டர் உறுதியாகும் பக்கத்தில் வாட்ஸ்அப் எண்ணைப் பெரிதாகப் போட்டோம். அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. ஐந்தில் நால்வர் என்றால் "80 சதவீத வாடிக்கையாளர்கள்" என்று எழுதிவிடக் கூடாது. ஐந்து பேர் கோளாறு இருக்கிறது என்பதைக் காட்டுவார்கள், எத்தனை பேருக்கு இருக்கிறது என்பதை அளந்து சொல்ல மாட்டார்கள்.

காரணத்தைப் பிடிப்பது

நடந்ததிலிருந்து திருத்தத்துக்கு நேரடியாகத் தாவினால் தவறான இடத்தில் கை வைப்போம். நால்வர் கூடையிலிருந்து திரும்பினார்கள். அதற்குக் காரணம் விலை அதிகமாகத் தோன்றியதா, அடுத்த பொத்தான் தெரியவில்லையா, கட்டணம் தெரியாததா? நாங்கள் பதிவைத் திரும்பப் பார்த்தோம். நால்வரும் திரும்பிப் போன பின் பொருள் பக்கத்தின் அடிவரை நகர்த்தினார்கள், இருவர் வாய்விட்டே அனுப்பும் செலவைக் கேட்டார்கள். விலை அதிகமென்றால் சிறிய பாட்டிலைத் தேடியிருப்பார்கள், யாரும் தேடவில்லை.

எனக்கு வேறொரு சந்தேகம் இருந்தது. ஆயிரம் ரூபாய்க்குள் என்று நாமே சொன்னதால்தான் அவர்கள் கட்டணத்தைத் தேடினார்களோ? நம் கேள்வியே கோளாறை உண்டாக்கியிருக்கலாம். இரண்டாவது வேலையில் பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, அதிலும் மூவர் அதே இடத்தில் திரும்பியிருந்தார்கள். கடையின் வாட்ஸ்அப்பைத் திறந்து பார்த்தால், புதிதாக வருபவர்கள் கேட்கும் கேள்விகளில் "டெலிவரி சார்ஜ் எவ்வளவு" என்பது திரும்பத் திரும்ப வந்திருந்தது. சந்தேகம் தீர்ந்தது. கட்டணம் முழு முகவரியையும் நிரப்பிய பிறகே தெரியும்படி பக்கம் அமைந்திருந்தது. தெரியாத தொகைக்காக யாரும் முகவரியை நிரப்ப மாட்டார்கள்.

லிட்டர் விஷயம் இப்படி: பாட்டிலின் தலைப்பில் "1 L" என்று இருந்தது. ஊரில் செக்குக் கடைகளில் பலர் கிலோ கணக்கில் வாங்கிப் பழகியவர்கள். ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோ எடை இருக்காது, ஏறக்குறைய 910 கிராம்தான். தையல் கடைக்காரர் எங்கள் லிட்டர் விலையைப் பக்கத்துச் செக்கின் கிலோ விலையோடு ஒப்பிட்டு, எது மலிவு என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டே நின்றார். திருத்தம் ஒரு வரி. விலைக்குக் கீழே "1 லிட்டர், எடை 910 கிராம்" என்று சேர்த்தோம்.

பின்கோடு பெட்டியில் நடந்தது நுணுக்கமானது, ஆனால் திருத்துவது எளிது. பெட்டியைத் தொட்டால் எழுத்து விசைப்பலகை வந்தது. எண்ணுக்கு மாற வேண்டியிருந்தது. ஆசிரியை கடிதங்களில் எழுதுவதுபோல் மூன்று எண், ஓர் இடைவெளி, மூன்று எண் என்று எழுதினார். பெட்டி சிவப்பாகி "Invalid input" என்றது. எது தவறு என்று சொல்லவில்லை. அவர் அதையே இன்னொரு முறை எழுதினார், அதே சிவப்பு. இல்லத்தரசி மகனிடம் கொடுத்ததும் இங்கேதான். பெட்டியை இப்படி மாற்றினோம்:

```html
<label for="pin">பின்கோடு (6 எண்கள்)</label>
<input id="pin" name="pin" type="text" inputmode="numeric"
       autocomplete="postal-code" maxlength="7">
```

`inputmode` எண் விசைப்பலகையைக் கொண்டுவரும். `maxlength` ஏழாக இருப்பது இடைவெளிக்கு இடம் விடுவதற்காக. வந்த மதிப்பிலிருந்து இடைவெளியை நாமே நீக்கிக்கொள்ள வேண்டும்:

```js
pin = pin.replace(/\s/g, "");
```

மனிதர்கள் எழுதும் வழக்கத்தை ஏற்றுக்கொள்வது இயந்திரத்தின் வேலை. பிழைச் செய்தியையும் "பின்கோட்டில் 6 எண்கள் இருக்க வேண்டும்" என்று மாற்றினோம்.

கடைசியாக, இரட்டைப் பணம். கணக்கர் யுபிஐ செயலியில் பணம் கட்டினார். செயலி அவரைப் பக்கத்துக்குத் திருப்பி அனுப்புவதற்குள் அவரே உலாவியைத் திறந்துவிட்டார். அங்கே கூடை பழையபடி இருந்தது, "Proceed to Pay" என்ற பொத்தானும் இருந்தது. "போகலை போலிருக்கு" என்று சொல்லி மறுபடி அழுத்தப்போனார். நான் அப்போது வாயைத் திறந்தேன். உண்மைப் பணம் நட்டமாகும் இடத்தில் மௌனம் காக்கக் கூடாது. காரணம், வாடிக்கையாளர் உலாவியில் திரும்பி வந்தால்தான் ஆர்டர் முடிந்ததாக எங்கள் பக்கம் எண்ணியது. பணப் பரிமாற்ற நிறுவனத்தின் சர்வர் நம் சர்வருக்கு நேரடியாக அனுப்பும் தகவலை வைத்து ஆர்டரை முடிக்கும்படி மாற்றினோம். அந்தத் தகவல் வரும்வரை கூடைக்குப் பதிலாக ஒரே செய்தி தெரியும்: "உங்கள் பணம் வந்ததா என்று வங்கியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். மறுபடி கட்ட வேண்டாம்." ஐந்து திருத்தங்களில் நேரம் அதிகம் எடுத்தது இதுதான், இரண்டு நாள். மற்ற எல்லாம் ஒரு பகலில் முடிந்தன.

திருத்தியதை மறுபடி காட்டுவது

டெலிவரி கட்டணத்துக்கு நாங்கள் முதலில் செய்த திருத்தம் தவறானது. பொருள் பக்கத்திலேயே ஒரு பின்கோடு பெட்டியை வைத்து, எண்ணைப் போட்டால் கட்டணம் தெரியும்படி செய்தோம். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. பெரிய கடைகள் அப்படித்தான் செய்கின்றன. மூன்று வாரம் கழித்து, முன்பு வராத மூன்று புதிய வாடிக்கையாளர்களை அதே வேலைகளோடு உட்காரவைத்தோம். பழைய ஐவர் இதற்கு உதவ மாட்டார்கள், அவர்களுக்கு வழி தெரிந்துவிட்டது.

மூவரில் இருவர் அந்தப் பெட்டியில் தங்கள் கைபேசி எண்ணைத் தட்டத் தொடங்கினார்கள். வேறு கடைப் பக்கங்களில் விலையின் அருகே பெட்டி வந்தால் அது ஓடிபி கேட்கும் பெட்டி என்று அவர்களுக்குப் பழகியிருந்தது. ஒருவர் "நம்பர் கொடுத்தால் தினமும் கூப்பிடுவார்கள்" என்று சொல்லிப் பக்கத்தை மூடவே போய்விட்டார்.

அப்போதுதான் உறைத்தது. இந்தக் கடைக்கு இருப்பதே இரண்டு கட்டணங்கள். அதைச் சொல்ல ஒரு பெட்டி எதற்கு? பெட்டியை எடுத்துவிட்டு, விலைக்குக் கீழே, லிட்டர் வரிக்கு அடுத்து, ஒரே வரி எழுதினோம்: "டெலிவரி: தமிழ்நாடு, புதுச்சேரி ₹60. மற்ற மாநிலங்கள் ₹110." கூடைப் பக்கத்திலும் அதே வரி. அன்று மாலையே கடைக்கு எண்ணெய் வாங்க வந்த இருவரிடம் அவர்கள் கைபேசியில் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, முதல் வேலையை மட்டும் கொடுத்தோம். இருவரும் கூடையிலிருந்து திரும்பவில்லை. ஒருவர் வரியைப் படித்துவிட்டு, "அறுபது ரூபாய்க்கு நானே வண்டியில் வந்து வாங்கிக்கொள்வேன்" என்றார். கடைக்குப் பக்கத்துத் தெருவில் இருப்பவர் அவர்.

தாளில் இன்னும் பதினோரு சிறு குறிப்புகள் மீதமிருக்கின்றன. ஒவ்வொன்றின் எதிரிலும் தேதி போட்டு வைத்திருக்கிறோம். தீபாவளிக்கு முன் பலகார எண்ணெய்க்காகப் புதியவர்கள் நிறைய வருவார்கள் என்பதால், அடுத்த ஐந்து பேரை அதற்கு ஆறு வாரம் முன்பாக அழைப்பதாக முடிவு. அந்த முறை தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், நல்லெண்ணெய் மூன்றையும் ஒரே ஆர்டரில் போட முடிகிறதா என்று பார்க்க வேண்டும்; இளம் தாய் போகிறபோக்கில் அதைக் கேட்டார், வேலைகளில் அது இல்லாததால் அன்று நாங்கள் பின்தொடரவில்லை.